பதில் போகாத என்கொயரி சராசரிக்குள் வராது

"என்கொயரி வந்தால் நாம் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறோம்?" என்று ஒரு சின்ன சேல்ஸ் டீமில் கேட்டுப் பாருங்கள். யாராவது ஷீட்டைத் திறந்து ஒரு சராசரியைப் படிப்பார். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று இருக்கும், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது பதில் கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. நேற்று மதியம் கேட்டுவிட்டு இன்னும் காத்திருப்பவர் அதில் எங்கும் இல்லை. பதில் நேரத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று தொடங்கும் பல ஏற்பாடுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. 2011 மார்ச் மாத ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஜேம்ஸ் ஓல்ட்ராய்ட், கிறிஸ்டினா மெக்எல்ஹெரன், டேவிட் எல்கிங்டன் மூவரும் எழுதியது. 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையம் வழியாக ஒரு சோதனை என்கொயரி போனது. பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். 37 சதவீதம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னது. 16 சதவீதம் ஒரு நாளுக்குள். 24 சதவீதம் ஒரு நாளைத் தாண்டி. மீதி 23 சதவீதத்திடமிருந்து பதிலே வரவில்லை. எல்லோரும் எடுத்துக்காட்டுவது "சராசரி 42 மணி நேரம்" என்ற எண்ணைத்தான். அதுவோ 30 நாளுக்குள் பதில் சொன்ன நிறுவனங்களின் சராசரி. பதிலே சொல்லாத கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் அந்த 42-க்கு வெளியே நிற்கிறார்கள்.

அதே கட்டுரையில் இன்னொரு பிரபலமான எண் இருக்கிறது: ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற நிறுவனங்களுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, அந்த என்கொயரி உருப்படியான லீடாக மாறும் வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு அதிகம் என்று. இதை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே படிப்பேன். சீக்கிரம் பதில் சொல்லும் டீம் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கக்கூடும். எல்லாப் புண்ணியத்தையும் வேகத்தின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. மடங்கு எவ்வளவு என்பதில் சண்டை போடலாம். பதிலே போகாத என்கொயரியிலிருந்து வியாபாரம் வராது என்பதில் சண்டை போட ஒன்றும் இல்லை. அதனால் முதலில் கண்காணிக்க வேண்டியது வேகத்தை அல்ல, விடுபட்டதை.

ஒரு நாள் ஷீட்டை எடுத்துப் பார்ப்போம்

நான்கு பேர் கொண்ட டீம். திங்கள் முதல் சனி வரை காலை 9:30 முதல் மாலை 6:30 வரை வேலை. இணையதள ஃபார்ம், மின்னஞ்சல், வாட்ஸ்அப், மிஸ்டு கால் என நான்கு வழிகளில் என்கொயரி வருகிறது. முதல் பதில் 15 நிமிடத்துக்குள் போக வேண்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்ட பத்து என்கொயரிகளில் எட்டுக்குப் பதில் போயிருக்கிறது. முறையே 4, 6, 7, 9, 11, 12, 15, 18 நிமிடங்களில். இரண்டுக்குப் போகவில்லை. அவற்றுக்கான கட்டம் காலியாகக் கிடக்கிறது. இப்போது பதில் நேரம் இருக்கும் D பத்தியில் சராசரி போடுகிறோம்:

```
=AVERAGE(D2:D11)
```

விடை 10.25 நிமிடம். ஷீட்டில் AVERAGE என்பது காலிக் கட்டங்களைக் கண்டுகொள்ளாது. அது பூஜ்யமாகவும் எடுத்துக்கொள்ளாது, தாமதமாகவும் எடுத்துக்கொள்ளாது. இல்லாததாகவே பாவித்து எட்டால் வகுத்துவிடும். டீம் லீடர் 10 நிமிடம் என்று பார்த்துத் திருப்தியாகப் போய்விடுவார்.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. விடுபட்ட இரண்டில் ஒன்றை யாரோ தோண்டி எடுத்து, மூன்று வேலை நாள் கழித்து, மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்புகிறார். வேலை நேரக் கணக்கில் அது 3 × 540, அதாவது 1,620 நிமிடம். இப்போது ஒன்பது என்கொயரிகளின் சராசரி 189 நிமிடம்; மூன்று மணி நேரத்துக்கும் மேல். அதைத் தொடாமல் விட்டிருந்தால் எண் பத்திலேயே அழகாக இருந்திருக்கும். கைவிட்டவருக்குப் பாராட்டு, எடுத்துச் செய்தவருக்குத் திட்டு என்று ஆகிவிடுகிறது. டீமில் உள்ளவர்கள் இதை ரொம்ப சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். பழைய என்கொயரிகளை யாரும் கிளற மாட்டார்கள். மெல்ல அவற்றை "தகுதியில்லாத லீட்" என்று மூடும் பழக்கமும் வந்துவிடும்.

சராசரிக்குப் பதிலாக, வந்தவற்றில் எத்தனை கெடுவுக்குள் பதில் பெற்றன என்று பார்த்தால் இந்தக் கோணல் வராது:

```
=COUNTIFS(D2:D11,"<=15")/COUNTA(A2:A11)
```

பத்தில் ஏழு, 70 சதவீதம். வகுக்கும் எண் பதில் போனவற்றின் எண்ணிக்கை அல்ல, வந்தவற்றின் எண்ணிக்கை. பதில் போகாதது தானாகவே தவறிய பக்கத்தில் விழும். பழையதை எடுத்துப் பதில் சொன்னால் இந்த எண் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஒரே ஒரு கவனம்: இரண்டு நிமிடம் முன்பு வந்து இன்னும் கெடு முடியாத என்கொயரியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கெடு கடந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாளின் நடுவே பார்க்கும்போதெல்லாம் எண் காரணமில்லாமல் தாழ்ந்து தெரியும்.

இந்தச் சதவீதத்தின் பக்கத்தில் இன்னொரு எண் இருக்க வேண்டும்: இந்த நிமிடத்தில் பதிலில்லாமல் கிடப்பவற்றில் மிகப் பழையது எவ்வளவு பழையது? நமது உதாரணத்தில் அது "3 நாள்" என்று காட்டும். சின்ன டீமுக்கு ஒரே ஒரு எண் போதும் என்றால் நான் இதைத்தான் சுவரில் மாட்டச் சொல்வேன்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது

அலர்ட் வைப்பதற்கு முன் தீர்க்க வேண்டியவை இந்த இரண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும், இங்கேதான் நிறைய நேரம் போகும்.

ஓடத் தொடங்குவது வாடிக்கையாளர் "அனுப்பு" பொத்தானை அழுத்திய நொடியில். ஆனால் நாம் பயன்படுத்தும் சிஆர்எம் எழுதி வைப்பது பெரும்பாலும் அந்தப் பதிவு தன்னிடம் உருவான நேரத்தை. நடுவில் மின்னஞ்சல் பெட்டியை 15 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் இணைப்பு ஒன்று இருந்தால், கடிகாரம் தொடங்கும் முன்பே கெடு தீர்ந்துபோயிருக்கும். மிஸ்டு கால்களை மாலையில் மொத்தமாக உட்கார்ந்து பதியும் வழக்கம் இருந்தால் இன்னும் மோசம். காலை 10 மணிக்கு அழைத்தவருக்கு மாலை 5:40-க்கு என்கொயரி பிறந்து, 5:44-க்குப் பதில் போனதாக ஷீட் சொல்லும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பதிவான நேரங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஏழெட்டுப் பதிவுகள் ஒரே சில நிமிடங்களுக்குள் அடுக்கடுக்காக இருந்தால் அவை அப்போது வந்தவை அல்ல, அப்போது தட்டச்சு செய்யப்பட்டவை.

நேர மண்டலக் குழப்பமும் இங்கேதான் நுழையும். ஃபார்ம் UTC-யில் நேரம் கொடுக்கும், ஷீட் உள்ளூர் நேரத்தில் எழுதும். விளைவாகப் பதில் நேரம் மைனஸில் வரும், அல்லது மிகச் சிறிய பதில் நேரமே சில மணி நேரமாக இருக்கும். மைனஸ் வந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். எல்லாமே சில மணி நேரம் தாமதம் என்று வந்தால், டீம் மோசம் என்று நினைத்துக்கொண்டு கூட்டம் போட்டுவிடுவார்கள். எல்லா நேரத்தையும் UTC-யில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது நல்லது.

நிற்பது எப்போது? "உங்கள் செய்தி கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்ற ஆட்டோ ரிப்ளை கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. இதை யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனாலும் பல அமைப்புகளில் அதுதான் நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் அதுவும் வெளியே போகும் ஒரு மின்னஞ்சல்தானே. பதில் நேரங்களில் பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

அடுத்து, நிலையை "தொடர்புகொண்டாயிற்று" என்று மாற்றுவது. அதை ஒருவர் பேசாமலேயே அழுத்தலாம். அலர்ட் வந்துவிடுமே என்ற பதற்றத்தில் அழுத்தவும் செய்வார். பதில் நேரங்களை நிமிட வாரியாக அடுக்கினால் இது தெரிந்துவிடும்: கெடு 15 என்றால், 13-ஆவது 14-ஆவது நிமிடத்தில் திடீரென்று ஒரு மேடு எழும்பி நிற்கும். மனிதர்கள் இயல்பாக வேலை செய்தால் அந்த இடத்தில் மேடு வருவதற்குக் காரணம் இல்லை. அதனால் நிறுத்தும் நேரத்தைப் பொத்தானிலிருந்து எடுக்காமல், வெளியே போன அழைப்பின் பதிவிலிருந்தும் அனுப்பிய செய்தியின் பதிவிலிருந்தும் எடுப்பதே நல்லது.

அழைத்தோம், அவர் எடுக்கவில்லை. அது பதிலா? என் கருத்தில், ஒரு மனிதர் செய்த முதல் முயற்சி முதல் கடிகாரத்தை நிறுத்தலாம். டீமின் கையில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் அந்த நொடியிலேயே இரண்டாவது கடிகாரம் ஒன்று தொடங்க வேண்டும், அடுத்த முயற்சிக்கு. அது இல்லாவிட்டால் ஒரு ரிங் விட்டுத் துண்டித்த அழைப்புகளால் ஷீட் பச்சையாகிவிடும்.

அப்புறம் ஒரே ஆள் மூன்று வழியில் வருவது. ஃபார்ம் நிரப்புவார், இரண்டு நிமிடம் பொறுத்து வாட்ஸ்அப்பில் கேட்பார், பொறுமை போய் அழைப்பார். ஷீட்டில் மூன்று என்கொயரி. ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டும் அனாதையாக நின்று அலர்ட் அடித்துக்கொண்டிருக்கும். தொலைபேசி எண்களை ஒரே வடிவத்துக்கு, அதாவது இடைவெளி, கோடு, முன்னால் வரும் பூஜ்யம் எல்லாவற்றையும் நீக்கி நாட்டுக் குறியீட்டோடு, மாற்றிக்கொண்டு அதை வைத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் மூன்றில் முதலில் வந்ததன் நேரமே கடிகாரத்தின் தொடக்கம்.

கெடுவை வந்தவுடனே எழுதி வையுங்கள்

அலர்ட்டைக் கட்டும்போது பலரும் செய்வது, ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் "வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று" என்று கணக்கிடுவது. வேலை நேரம், விடுமுறை, மதிய இடைவேளை எல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்து சிக்கலாகிவிடும். அதைவிட எளிய வழி, என்கொயரி வந்த நொடியிலேயே அதன் கெடு எப்போது முடியும் என்று ஒருமுறை கணக்கிட்டு `due_at` என்ற பத்தியில் எழுதி வைப்பது. விடுமுறைத் தலைவலி எல்லாம் அந்த ஒரே இடத்தோடு முடிந்தது. அதன்பின் சோதனை என்பது ஒரு எளிய ஒப்பீடுதான்:

```sql
SELECT id, owner, received_at
FROM leads
WHERE first_reply_at IS NULL
  AND closed_at IS NULL
  AND due_at <= now()
  AND alerted_at IS NULL;
```

முதல் நிபந்தனையைப் பாருங்கள். பதில் நேரத்தை இந்தக் கேள்வி எங்கும் தொடவே இல்லை. பதில் இல்லாதவற்றைத்தான் தேடுகிறது. கடைசி நிபந்தனை ஒரே என்கொயரிக்கு மறுபடி மறுபடி அலர்ட் போகாமல் இருக்க. அனுப்பியவுடன் `alerted_at`-இல் நேரத்தை எழுதிவிட வேண்டும்.

இதை எவ்வளவு அடிக்கடி ஓட்டுவது? கெடு 15 நிமிடமாக இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால் அலர்ட் சில சமயம் இருபதாவது நிமிடத்தில்தான் வரும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள். டேட்டாபேஸ் இல்லாமல் கூகுள் ஷீட்டில் வைத்திருப்பவர்களும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் டைமரை ஒரு நிமிடத்துக்கு வைக்கலாம். சின்ன டீமின் அளவுக்கு அது தாராளம்.

இப்போது வேலை நேரக் கணக்கு. சனிக்கிழமை மாலை 6:20-க்கு என்கொயரி வருகிறது. 6:30-க்கு மூடுகிறோம், ஆக 10 நிமிடம் அன்றே கழிந்தது. மீதி 5 நிமிடம் திங்கள் காலை 9:30-இலிருந்து. கெடு திங்கள் 9:35. டீமைப் பொறுத்தவரை இது நியாயம். ஞாயிற்றுக்கிழமை யாரையும் எழுப்பி என்ன ஆகப்போகிறது? ஆனால் கேட்டவருக்கு நம் வேலை நேரம் தெரியாது. அவர் காத்திருந்தது 15 நிமிடம் அல்ல, 39 மணி நேரத்துக்கும் மேல். அதனால் இரண்டு பத்தி வைத்துக்கொள்வது நல்லது. அலர்ட் டீமின் கடிகாரப்படி அடிக்கட்டும். சுவர்க் கடிகாரப்படி அவர் காத்திருந்த நேரம் தனியே பதிவாகட்டும். மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாலை 6:30-இலிருந்து 9 மணி வரை ஒருவரை முறை போட்டு வைப்பது பயன் தருமா என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கும்.

இதில் ஒரு பக்க விளைவு உண்டு. இரவு முழுக்க வந்தவை எல்லாவற்றுக்கும் கெடு ஒரே நேரமாகிவிடும், காலை 9:45. இரவில் பன்னிரண்டு வந்திருந்தால், 9:45-க்குப் பன்னிரண்டு அலர்ட்டும் ஒன்றாகப் பாயும். அந்த ஒரே நாளில் டீம் அலர்ட்டை மியூட் செய்துவிடும். இரவு வந்தவற்றுக்குத் தனிக் கெடு, உதாரணமாக 10:30, கொடுப்பது சரியாக இருக்கும்.

அந்தப் பன்னிரண்டில் எதை முதலில் எடுப்பது? முதலில் வந்தவருக்கு முதலில் என்பதே நியாயமாகத் தோன்றும். ஆனால் 9:32-க்குப் புதிதாகக் கேட்டவர் இன்னும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார், கையில் போன் இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கேட்டவருக்கு இன்னும் அரை மணி நேரம் கூடினால் பெரிய வித்தியாசம் இல்லை. எப்போதும் புதியதையே எடுத்தால் பழையது அடியில் தங்கிப்போகும் என்ற ஆபத்தும் உண்டு. நான்கு பேர் இருக்கும்போது இதற்கு முதல் ஒரு மணி நேரம் ஒருவர் புதியதை மட்டும் பார்க்க, மற்றவர்கள் இரவுக் குவியலைப் பழையதிலிருந்து கரைப்பது போதும்.

அலர்ட் யாருக்குப் போகிறது

டீமின் வாட்ஸ்அப் குழுவில் "3 என்கொயரி தாமதம்" என்று போட்டால் நான்கு பேரும் பார்ப்பார்கள், நான்கு பேரும் வேறொருவர் எடுப்பார் என்று நினைப்பார்கள். அலர்ட் ஒரு பெயருக்குப் போக வேண்டும். அதற்கு, என்கொயரி வந்தவுடனேயே அது யாருடையது என்று முடிவாகியிருக்க வேண்டும். முறை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒன்றாகப் பிரிப்பதே போதும். ஆனால் விடுப்பில் இருப்பவரையும் டெமோவில் இருப்பவரையும் அந்த முறை தாண்டிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். விடுப்பில் போனவர் பெயரில் மூன்று நாள் அமைதியாகத் தூங்கும் என்கொயரிகளை எந்த டீமிலும் பார்க்கலாம்.

மூன்று படியாக வைப்பது சின்ன டீமுக்குச் சரிவரும். 10-ஆவது நிமிடத்தில் உரியவருக்கு மட்டும் ஒரு நினைவூட்டல். 15-ஆவது நிமிடத்தில் அவருக்கும் குழுவுக்கும். இந்தப் படியில் யார் வேண்டுமானாலும் "நான் எடுக்கிறேன்" என்று அழுத்தி எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவுடன் மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் அழைப்பார்கள், அது தாமதத்தைவிடக் கேவலம். 30-ஆவது நிமிடத்தில் டீம் லீடருக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு செய்தி. முதல் படியிலேயே லீடருக்கும் நகல் போட்டால், நினைவூட்டல் புகாராக மாறிவிடும். பின்னர் பொத்தானை முன்கூட்டியே அழுத்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்காது.

செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கேட்டவர் பெயர், அவர் கேட்டதன் முதல் வரி, எந்த வழியில் வந்தது, எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறார், தொட்டால் அழைப்பு போகும் எண். இவ்வளவும் இருந்தால் அலர்ட்டைப் பார்த்த இடத்திலிருந்தே வேலையை முடிக்கலாம். சிஆர்எம்மைத் திறந்து, உள்நுழைந்து, தேடு என்று சொன்னால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தோன்றத்தான் செய்யும்.

அலர்ட்டே வராத நாள்

இது பலரும் யோசிக்காத பக்கம். நாள் முழுக்க ஒரு அலர்ட்டும் வரவில்லை. டீம் பிரமாதமாக வேலை செய்தது என்று அர்த்தமா, சோதிக்கும் நிரல் நின்றுபோனது என்று அர்த்தமா, ஃபார்மே உடைந்து என்கொயரி வரவில்லை என்று அர்த்தமா? மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும்.

நிரல் நின்றுபோனதைக் கண்டுபிடிக்க, அது ஒவ்வொரு முறை ஓடும்போதும் "ஓடினேன்" என்று ஒரு நேரத்தை எழுதட்டும். வேறு ஒரு இடத்தில் இருக்கும் இன்னொரு சேவை அந்த நேரம் 10 நிமிடத்துக்கு மேல் பழையதானால் கத்தட்டும். வேறு இடத்தில் என்பது முக்கியம். அதே சர்வரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

ஃபார்ம் உடைந்ததைக் கண்டுபிடிக்க, தினமும் காலையில் உண்மையான ஃபார்ம் வழியாக ஒரு சோதனை என்கொயரி அனுப்பி அது பட்டியலில் வந்து சேருகிறதா என்று பார்க்கலாம். ஃபார்மின் மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போய் விழுவதை இது பிடித்துவிடும். கூடவே, வருகை நின்றுபோனால் ஒரு அலர்ட். அதன் அளவைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டியதில்லை. ஒன்பது மணி நேர வேலை நாளில் சுமார் 20 என்கொயரி வரும் என்றால், மூன்று மணி நேரத்தில் சராசரியாக ஆறு ஏழு வர வேண்டும். வருகை சீராக இருப்பதாக எடுத்துக்கொண்டால், மூன்று மணி நேரம் ஒன்றுகூட வராமல் இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று அளவுதான்:

```
=EXP(-20*3/9)
```

இரண்டு மணி நேரத்துக்கு அது நூற்றில் ஒன்றாகிவிடும். ஒரு மாதத்தில் சில பொய் அலர்ட் வரும். வாரத்தின் சில நாள்கள் மந்தமாக இருந்தால் அந்த நாளின் வழக்கமான எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து ஆறுதான் வருகிறது என்றால் இந்த முறை உதவாது, சோதனை என்கொயரியையே நம்ப வேண்டும்.

தவறியவை எந்த நேரத்தில் தவறின

சில வாரம் ஓடியபின் கெடு தவறியவற்றை மட்டும் எடுத்து, யாருடையது என்று பிரிப்பதற்கு முன்னால் எந்த மணி நேரத்தில் வந்தவை என்று பிரியுங்கள். முப்பது தவறியதில் பத்தொன்பது காலை 11 மணிக்கும் 12:30-க்கும் இடையே வந்தவை என்று வைத்துக்கொள்வோம். காலண்டரைத் திறந்தால் அந்த நேரத்தில் நான்கு பேரில் மூன்று பேர் டெமோவில் இருக்கிறார்கள், நான்காமவர் ஏற்கெனவே ஒரு அழைப்பில். அந்த நேரத்தில் அலர்ட்டை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் எடுக்க ஆள் இல்லை. ஒரு என்கொயரிக்கு முதல் பேச்சு 12 நிமிடம் பிடிக்கும் என்றால், ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் விடாமல் பேசினாலும் ஏழைத்தான் எடுக்க முடியும். எட்டாவது வந்தால் அது காத்திருந்தே ஆக வேண்டும். ஏழும் சீராக இடைவெளி விட்டு வராது என்பதால், நடைமுறையில் நான்கு ஐந்து வந்தாலே சில தவறும்.

இங்கே செய்ய வேண்டியது டெமோ நேரங்களை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் மாற்றி, எந்த நேரத்திலும் குறைந்தது இருவர் கை காலியாக இருக்கும்படி பார்ப்பது. அது முடியாவிட்டால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் கெடுவை 30 நிமிடமாக ஒப்புக்கொண்டு, ஆட்டோ ரிப்ளையிலும் அதையே சொல்லிவிடலாம். "விரைவில்" என்பதைவிட "12:45-க்குள் அழைப்போம்" என்பது கேட்டவருக்கு உருப்படியான தகவல்.

மணி நேரவாரியாகப் பார்த்து எந்த மேடும் தெரியவில்லை, எல்லா நேரமும் பரவலாகத் தவறுகிறது, ஆனால் ஒருவர் பெயரில் மட்டும் அதிகம் என்றால் அப்போதுதான் ஆளைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன் அவருக்கு எந்த வழியில் வரும் என்கொயரிகள் ஒதுக்கப்படுகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மிஸ்டு கால்கள் எல்லாம் அவர் தலையிலேயே விழுந்துகொண்டிருக்கலாம்.